பச்சை ஒயரின் மறுமுனை

டிவியின் முதுகைத் திறந்து பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வரவேற்பறையில் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருப்பார்கள், விருந்தாளி கை வைத்தால் முகம் சுளிப்பார்கள். அதே டிவியைக் கவிழ்த்துப் போட்டு பின்மூடியை எடுத்தால் உள்ளே கரப்பான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். பல்லி ஒன்று பவர் போர்டின் மேல் கருகி, அப்பளம் போலத் தட்டையாகக் கிடக்கும். போர்டு அக்காவுக்கு இந்தத் தொழிலில் பிடிக்காதது அது ஒன்றுதான். டிவி கம்பெனியில் பதினோரு வருஷம் சால்டரிங் வரிசையில் நின்றவள். கம்பெனி மூடியதும் கடைத்தெருவில் ஒரு சின்ன அறை பிடித்து, சொந்தமாக மேசை போட்டு உட்கார்ந்தாள். போர்டையே கழற்றி மாற்றிவிட்டுப் போகிற மெக்கானிக்குகள் நடுவில், போர்டில் எது போயிருக்கிறது என்று தேடிப் பார்ப்பவள் என்பதால் அந்தப் பெயர். அவளைவிடப் பத்து வயது பெரியவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

மூக்கில் ஒரு துணி, கையில் ஒரு பிரஷ். மூடியைத் திறந்ததும் முதல் வேலை, கடைக்கு வெளியே கொண்டுபோய்த் தட்டிவிட்டு வருவது. அதன்பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள், மறுபடி கழுவுவாள். “இப்படிக் கழுவுனா கையே தேஞ்சுடும்” என்பான் பக்கத்துக் கடை தையல்காரன். “தேஞ்சா தேயட்டும். நீ தைக்கிற துணிக்குள்ள பல்லி வராதுல்ல” என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இடி இடித்தது. மழை பெரிதாக இல்லை, இடிதான். மூன்று மணி வாக்கில் விழுந்த ஒன்றில் கடைத்தெருவே ஒரு கணம் வெள்ளையாகிப் போனது. தையல்காரன் மிஷினை விட்டு எழுந்து நின்றுவிட்டான். மறுநாள் காலை அவள் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் இரண்டு டிவிகள் நின்றன, கூடவே ஆட்களும். பகல் சாய்வதற்குள் ஆறு சேர்ந்துவிட்டது. ஆறும் ஒரே குடியிருப்பிலிருந்து வந்தவை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற, இருபது வீடுகள் கொண்ட நாலு மாடிக் கட்டடம் அது.

நோய் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆன் செய்தால் வெளிச்சம் வருகிறது, படம் தெளிவாக இருக்கிறது, ரிமோட் வேலை செய்கிறது. போனிலிருந்து வைஃபை வழியாக வீடியோ அனுப்பினால் அழகாக ஓடுகிறது. பென் டிரைவ் போட்டால் பாட்டு பாடுகிறது. ஆனால் செட்டாப் பாக்ஸ் மாட்டியிருந்த ஹெச்.டி.எம்.ஐ துவாரத்தில் மட்டும் ‘சிக்னல் இல்லை’. இரண்டு டிவிகளில் கேபிள் நேராக டிவியிலேயே செருகப்பட்டிருந்தது. அவற்றில் சேனல் தேடச் சொன்னால் பட்டை நூறு வரை நகர்ந்து போய், ஒன்றுமே கிடைக்கவில்லை என்று திரும்பியது. ட்யூனர் செத்திருந்தது.

எடுத்தவுடன் ‘இடி’ என்று எழுதிவிட அவளுக்கு மனசு வராது. முதலில் வேறு ஒரு நல்ல கேபிளையும், கடையிலிருக்கும் நல்ல பாக்ஸையும் மாட்டினாள். செட்டிங்கை முழுக்க அழித்துப் புதிதாகத் தொடங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு துவாரமாக மாற்றினாள். ஒரு டிவியில் மட்டும் இரண்டாவது துவாரம் பிழைத்திருந்தது. அந்த வீட்டுக்காரரிடம், “இதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். ரெண்டாவதுல மாட்டிக்குங்க, பாக்ஸ மட்டும் மாத்துங்க. ஆனா அடி வாங்கின போர்டு, ரெண்டு மாசம் கழிச்சும் மக்கர் பண்ணலாம். அப்ப என்னை வந்து கேக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

மற்றவற்றைத் திறந்தாள். மீட்டரை டயோடு சோதனையில் வைத்து, துவாரத்தின் ஒவ்வொரு காலாகத் தொட்டாள். நல்ல துவாரத்தில் எல்லாக் கால்களும் ஏறக்குறைய ஒரே எண் காட்டும். இங்கே மூன்று கால்கள் பூஜ்யம், நேராக போர்டின் எர்த்தோடு ஒட்டிப் போயிருந்தன. துவாரத்தின் பின்னால் எள் அளவில் காவல் டயோடுகள் இருக்கும். அவை ஷார்ட்டாகிச் செத்திருந்தால் பாதி அதிர்ஷ்டம். அதை எடுத்துவிட்டால் சில சமயம் உயிர் வரும். ஒன்றில் அப்படி வந்தது. மீதியில் டயோடைத் தாண்டி, போர்டின் நடுவில் ஹீட்சிங்க் என்கிற அலுமினியத் தகட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெரிய சிப்புக்குள்ளேயே போய்விட்டிருந்தது. அதற்கு மேல் துவாரத்தை மாற்றி என்ன பயன். கதவை மாற்றினால் எரிந்த வீடு திரும்புமா. மெயின் போர்டுதான் மாற்ற வேண்டும்.

அவளை உறுத்தியது வேறொன்று. பவர் போர்டு ஒன்றுகூட எரியவில்லை. ஃப்யூஸ் எல்லாம் முழுசாக இருந்தது. கரண்ட் வழியாக இடி வந்திருந்தால் முதலில் சாவது அதுதான். எல்லாம் கேபிள் பக்கத்திலிருந்தே வந்திருந்தது. ஒரே கட்டடத்தில் இத்தனை வீட்டில் ஒரே மாதிரியா?

வியாழக்கிழமை மதியம் டெஸ்டர் பையோடு குடியிருப்புக்கே போனாள். அங்கே சங்கச் செயலாளர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கேபிள்காரனைத் திட்டிக்கொண்டே வாசலில் நின்றார். “பதினோரு வீட்டுல டிவி போச்சு. அவன் லைன்ல வந்ததுதான். அவன்தான் பதில் சொல்லணும். நீங்க அப்படி எழுதிக் குடுங்க போதும்.”

“பாத்துட்டு எழுதறேன் சார்.”

“பாக்க என்ன இருக்கு?”

வீடு வீடாக ஏறினாள். இடி விழுந்தது கட்டடத்தின் மேல் இல்லை, பின்பக்கத்து மரத்தின் மேல். மேலிருந்து கீழ்வரை பட்டை உரிந்து, மரம் வெள்ளையாக நின்றது. எல்லா வீட்டிலும் கேட்டாள்: ஃப்ரிட்ஜ் ஓடுதா, வாஷிங் மிஷின் ஓடுதா. எல்லாம் ஓடியது. கேபிள் தொட்ட பொருள் மட்டுமே செத்திருந்தது.

மூன்றாவது மாடியில் ஒரு கல்லூரி விரிவுரையாளர். “நான் எல்லாத்தையும் கழட்டி வெச்சிருந்தேன். எனக்கு இதெல்லாம் தெரியும். இடி வருதுன்னா உடனே கழட்டிடுவேன். அப்படியும் போச்சுன்னா அது டிவியோட குத்தம். வாரண்டியில சேரும், இல்லையா?” என்றார். அவள் டிவியை முன்னால் இழுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்தாள். ஹெச்.டி.எம்.ஐ துவாரத்தைச் சுற்றி மை தடவியது போல் கரி. செருகியிருந்த ஒயரின் தலையிலும் அதே கரி.

“கழட்டி வெச்ச ஒயர் எப்படி சார் கருகும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பவர் ப்ளக்க கழட்டுனேன்” என்றார்.

“பவர மட்டும் கழட்டுனா பாதிதான் சார். கேபிள் உள்ள வரும், பாக்ஸுக்குப் போகும், அங்கேருந்து ஹெச்.டி.எம்.ஐ வழியா டிவிக்குப் போகும். பாக்ஸோட ப்ளக்கு சொருகியே இருந்துச்சுல்ல? வாசக்கதவப் பூட்டிட்டுக் கொல்லைக்கதவத் திறந்து வெச்ச மாதிரி. ரெண்டு பக்கமும் கழட்டணும். அதுவும் இடி இடிக்கறப்ப ஒயரத் தொடக்கூடாது, வானம் கறுக்கும்போதே முடிச்சுடணும்.”

சொல்லிவிட்டு வெளியே வந்தவளுக்கு நாக்கில் ஒரு கசப்பு. தெரியாமல் செய்ததில் தப்பில்லை. படித்த மனுஷன், கரியைப் பின்னால் வைத்துக்கொண்டு முகத்துக்கு நேராகப் பொய் சொன்னதுதான் ஒட்டிக்கொண்டது. அடுத்த வீட்டில் இன்னொரு பொய். அதற்கடுத்த வீட்டில், ஸ்பைக் கார்டு போட்டிருந்தோமே என்று காட்டினார்கள். கேபிள் அதைத் தொடவே இல்லை. போதாக்குறைக்கு அதன் பாதுகாப்பு விளக்கு எப்போதோ அணைந்து, வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டியாக அது எத்தனை வருஷமாக இருக்கிறதோ. டிவி பிழைத்திருந்த வீடுகளில் ஒன்று, மாடிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநருடையது. அவர் வேலைக்குக் கிளம்பும்போதே கரண்ட் ப்ளக்கையும் கேபிளையும் சேர்த்துக் கழற்றித் தொங்கவிட்டுப் போகிறவர். “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஆள் இல்லாத வீட்டுல எதுக்கு ஒயரு?” என்றார். அந்த ஒரு வீட்டில்தான் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தோன்றியது.

கேபிள் கம்பத்திலிருந்து வந்து, மாடிப்படி வளைவில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் நுழைந்தது. உள்ளே சிக்னலைப் பெருக்கும் கருவி, அங்கிருந்து இருபது வீட்டுக்கும் கிளைகள். பெட்டியின் உடம்பிலிருந்து ஒரு தடித்த பச்சை ஒயர், சுவரோரக் குழாய்க்குள் இறங்கியது. எர்த் ஒயர். கேபிளின் வெளிக்கவசத்தில் வருகிற எந்தப் பாழாய்ப்போன மின்சாரமும் வீடுகளுக்குள் போகாமல் மண்ணுக்கு இறங்கத்தான் அந்த ஒயர். அதைப் பிடித்துக்கொண்டே கீழே வந்தாள். தோட்டத்து ஓரத்தில் சிமெண்டுத் தொட்டி, மேலே மூடி, மூடியில் சிவப்பு பெயிண்டில் ‘எர்த்’ என்று எழுதியிருந்தது. எழுத்து அழகாக இருந்தது. ‘ர்’ மேல் வைத்த புள்ளி ஒரு சின்ன வட்டமாக.

குனிந்து அந்த வட்டத்தை விரலால் தடவினாள். அப்படிப் புள்ளி வைப்பவர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். அவளுடைய அண்ணன். வயரிங் காண்ட்ராக்டர். இந்தக் கட்டடம் அவர் எடுத்த வேலைதான், அவளுக்கு அது நினைவில்லாமல் போயிருந்தது.

ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பினாள். உள்ளேயிருந்து கரப்பான்கள் கறுப்பாகக் கொப்பளித்து வந்தன. ஒன்று அவள் மணிக்கட்டில் ஏறி ஓடியது. உதறிவிட்டுப் பின்வாங்கி, தோட்டத்துக் குழாயைத் திறந்து முழங்கை வரை கழுவினாள். பிறகு திரும்பி வந்து டார்ச் அடித்தாள். அடியில் அழுகிய இலை. நடுவில் செம்புக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. பச்சை ஒயர் குழாயிலிருந்து வந்து, இரண்டு சுற்று சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அதன் முனையைக் கையில் எடுத்தாள். பச்சைத் தோலைக்கூடச் சீவவில்லை. கடையில் வெட்டியபடியே, செம்பு கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிய, அப்படியே கிடந்தது.

குழாயடிக்குப் போய் மறுபடி கை கழுவினாள், கரப்பானுக்குக் கழுவியதைவிட அதிக நேரம்.

அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணி முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். “வா, சாப்பிட்டுட்டுப் போ” என்றாள். அண்ணன் கூடத்து நாற்காலியில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

“பஸ் ஸ்டாண்ட் பின்னாடி ஃப்ளாட்டு. கேபிள் பெட்டிக்கு நீ போட்ட எர்த்த தொறந்து பாத்தேன்.”

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். முகம் மாறவில்லை. “அத எதுக்குத் தொறந்த?”

“கம்பியே இல்ல. ஒயரு தோல்கூடச் சீவல.”

“கரண்டுக்குப் போட்ட எர்த்து பக்கா. அத ஆபீசர் வந்து மீட்டர் வெச்சுப் பாத்துட்டுப் போனாரு. இது கேபிளுக்கு. அத யாரு வந்து பாக்கப் போறா?”

சாதாரணமாகச் சொன்னார். சட்டைப் பொத்தான் போடாததைச் சொல்வது போல. அந்தச் சாதாரணத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“பதினோரு டிவி போயிருக்கு.”

“இடி விழுந்தா எந்த எர்த்தும் காப்பாத்தாது. உனக்கே தெரியும்.”

“தலைக்கு மேல விழுந்தா காப்பாத்தாது. இது மரத்துல விழுந்தது. அதோட எதிரொலிதான் லைன்ல வந்திருக்கு. எர்த் இருந்திருந்தா எல்லாம் பொழைச்சிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நெறைய பொழைச்சிருக்கும்.”

“சரி, அப்படின்னா இடின்னே எழுதிக் குடுத்துடு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே. உங்கூடப் பொறந்தவன் பேரு ஊர்ல நாறணுமா?”

அண்ணி முறத்தை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். “ஒரு வாய் சாப்பிட்டுப் பேசுங்களேன்” என்றாள் மெதுவாக. அவளுக்கு அந்த வீட்டில் எதையும் தொடத் தோன்றவில்லை. “வேண்டாம் அண்ணி” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பி மேசையில் உட்கார்ந்து, பழக்கத்தில் மணிக்கட்டுப் பட்டையை மாட்டினாள். போர்டைத் தொடும்போது உடம்பிலிருக்கிற நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடாமல், பட்டையின் ஒயர் வழியாக எர்த்துக்கு இறங்கிவிடும். கம்பெனியில் பதினோரு வருஷம் அது இல்லாமல் யாரும் கையை நீட்டியதில்லை. ஒயரின் மறுமுனையைச் சுவர் ப்ளக்கின் எர்த்தில் செருகப் போனவள் நிறுத்தினாள். இந்தக் கடைக்கு வயரிங் செய்ததும் அண்ணன்தான். தங்கைக்கு என்று பைசா வாங்காமல் செய்து கொடுத்தது.

டெஸ்ட் விளக்கை எடுத்தாள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தாள், எரிந்தது. லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தாள், எர்த் இருந்தால் அங்கேயும் எரிய வேண்டும். எரியவில்லை. இன்னொரு ப்ளக்கில் வைத்தாள். அதுவும் எரியவில்லை. மெயினை அணைத்துவிட்டு ப்ளக்கின் மூடியைக் கழற்றினாள். எர்த் துளைக்குப் பின்னால் திருகு புதுசாகப் பளபளத்தது. அதில் ஒயரே இல்லை.

கடை திறந்து ஆறு வருஷம். ஆறு வருஷமாக அந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பேசியிருக்கிறாள். அது சுவரில் ஒரு ஓட்டையில் முடிந்திருக்கிறது. எத்தனை போர்டைத் தானே கொன்றுவிட்டு ‘இதுக்கு மேல முடியாது’ என்று திருப்பிக் கொடுத்தோமோ என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க அண்ணன் மேல் இருந்த அருவருப்பில் பாதி தன் மேலேயே திரும்பியது. அடுத்தவன் வீட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டு மண் வரை போனவள், தன் மேசையடியில் ஒரு தடவைகூட விளக்கு வைத்துப் பார்க்கவில்லை. எர்த் போட்டது அண்ணன் என்பதே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். செயலாளர் நடுவில் நின்றார். கேபிள்காரன் ஒரு ஓரத்தில், அடி வாங்கத் தயாரானவன் போல. வயரிங் செய்தவர் என்று அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். வந்திருந்தார், வெள்ளைச் சட்டையில், நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டு. அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

அவள் நீட்டி முழக்கவில்லை. “வந்தது கேபிள் வழியா. வீட்டுக்குள்ள வந்ததும் அது வெளிய போக வழி தேடும். டிவியோ பாக்ஸோ, எது நடுவுல இருக்கோ அது வழியா போகும். அப்படிப் போகாம மண்ணுக்கு இறக்கத்தான் பெட்டியில பச்சை ஒயரு. அந்த ஒயரு மண்ணத் தொடல. தொட்டியில கம்பி இல்ல. யார் வேணா தொறந்து பாக்கலாம். வேலை பண்ணது எங்க அண்ணன்.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். செயலாளர் தோட்டத்துக்கு நடந்து, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்தபடி வந்தார். அண்ணனின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிருந்தது, எடுத்து வைக்க மறந்த பாத்திரம் போல. “வீட்டு விஷயத்த வீதிக்குக் கொண்டு வந்துட்டல்ல” என்றார் அவளிடம்.

“இவங்க வீட்டு விஷயம் இது” என்றாள்.

விரிவுரையாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அப்ப எங்க தப்பு எதுவும் இல்ல. மொத்தத்தையும் காண்ட்ராக்டர்தான் குடுக்கணும்” என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “உங்க ஒயரு கழட்டி இருந்திருந்தா உங்க டிவி இன்னிக்கு ஓடிட்டு இருக்கும் சார். பஸ் டிரைவர் வீட்டுல ஓடுது. நாளைக்கு நல்ல எர்த் போட்டாலும் நீங்க கழட்டித்தான் ஆகணும். வெளியூர் போனா கழட்டணும். அவசரத்துக்கு முடியலன்னா, கரண்டு, கேபிள் ரெண்டுக்கும் சேர்த்துப் போடற பாதுகாப்புப் பெட்டி இருக்கு. அதுவும் எர்த் இருந்தாத்தான் வேலை செய்யும். அதோட விளக்கு அணைஞ்சா குப்பையில போடணும்.” அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

கேபிள்காரன் கிளம்பும்போது அவள் அருகில் வந்து, “ரொம்ப நன்றிக்கா” என்றான். அவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை. “பெட்டிய மாட்டுனவன் நீ. ஒயரு எங்க போகுதுன்னு ஒரு நாளாவது இழுத்துப் பாத்தியா? இழுத்திருந்தா கையோட வந்திருக்கும்” என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

மறுவாரம் அண்ணன் ஆட்களோடு வந்து செம்புக் கம்பியை இறக்கினார். செயலாளர் அவளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார். கம்பி இறங்கியதும் மூடியைப் போடப் போனார் அண்ணன்.

“இன்னும் முடியல. இந்த எர்த்தையும் கரண்டு எர்த்தையும் சேத்துக் கட்டணும்.”

“தனித்தனியா இருந்தா என்ன?”

“இடி வரும்போது ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வித்தியாசம் வரும். அது டிவி வழியாத்தான் சமனாகும். திரும்பவும் அதே கதை.”

அவருக்கு அது தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். முப்பது வருஷத் தொழில். பல்லைக் கடித்துக்கொண்டு ஒயரை இழுத்தார். தடித்த ஒயரின் தோலை நீளமாகச் சீவி, செம்பைத் தேய்த்துப் பளிச்சென்றாக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். நேர்த்தியான வேலை. இவ்வளவு சுத்தமாக வேலை செய்யத் தெரிந்த மனுஷன்தான் அப்போது அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார். தெரியாதவன் செய்த தப்பாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு கசந்திருக்காது. மீட்டர் இரண்டு ஓமுக்குக் கீழே காட்டியது, நல்ல எர்த்துக்கு அது போதும். அவள் செயலாளரின் நோட்டில் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் சாமான்களை வண்டியில் ஏற்றினார்.

ஒரு மாதம் கழித்து, இரண்டாவது துவாரத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்த டிவி திரும்ப வந்தது, இப்போது ஆன் ஆகவே இல்லை. சொன்னபடிதான். வீட்டுக்காரர் சண்டை போடவில்லை, போர்டை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த இடிமழைக்கு அந்தக் கட்டடத்திலிருந்து எதுவும் வரவில்லை. எர்த் காப்பாற்றியதா, ஒயரைக் கழற்றியது காப்பாற்றியதா, இடி வேறு எங்காவது விழுந்ததா என்று அவள் ஆராயவில்லை.

அண்ணி ஒருநாள் கடைக்கு வந்தாள். “அவரு மனசு சரியில்ல. நீ ஒரு தடவ வீட்டுக்கு வந்துட்டுப் போ” என்றாள். “வரேன் அண்ணி” என்றாள். போகவில்லை. கோபம் என்றால் ஆறிவிடும், இது கோபம் இல்லை. பால் திரிந்தது போல ஒன்று. திரிந்த பாலிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, குடிப்பதும் இல்லை.

கடை வயரிங்கை மறுபடி செய்ய அடுத்த தெருவிலிருந்து வேறொரு எலக்ட்ரீஷியனை அழைத்திருந்தாள். அவர் ஏணியில் நின்று சுவரைக் கொத்திக்கொண்டிருந்த மதியம், அண்ணனின் வண்டி கடைத்தெருவில் வந்தது. வேகம் குறைந்தது. ஏணியையும், பிடுங்கிப் போட்ட பழைய ஒயர்களையும் பார்த்தார். அவள் ப்ளக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள். வண்டி போனதும், அவள் டெஸ்ட் விளக்கை எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம், “எர்த்து மாட்டுனதும் மூடாதீங்க. நான் பாத்த அப்பறம் மூடுங்க” என்றாள்.